கடித உறையில் இருந்த திகதி: ஒரு காசாளரின் வேலைநீக்கமும் இரண்டு கடிதங்களும்

இந்த விடயத்தில் எங்களுக்குப் பெரிதாகக் கைகொடுத்தது ஒரு பழுப்புநிறக் கடித உறை. உள்ளே இருந்த கடிதத்தில் 2024.07.09 என்று திகதி அடித்திருந்தது. உறையின் மேல் தபாலக முத்திரை 2024.07.19 என்று சொன்னது. வாங்கியவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போட்டிருந்தால் அந்தப் பத்து நாள் வித்தியாசத்தை எந்த வாயாலும் நிரூபித்திருக்க முடியாது.

வாங்கியவர் கொக்குவிலைச் சேர்ந்த 31 வயதுப் பெண். யாழ்ப்பாணம் நகரில் கட்டடப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் காசாளர். 2018 பெப்ரவரி 5ஆம் திகதி சேர்ந்தவர், கடைசியாக வாங்கிய மாதச் சம்பளம் 48,000 ரூபா. அவருடைய பெயரையும் கடையின் பெயரையும் விட்டுவிடுகிறேன். கடை ஊழியர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது, தொழில் அலுவலகத்துக்குக் கூடப் போவது என்று சில வருடங்களாக நான் செய்துவருகிற வேலைக்குள் இவருடைய விடயமும் வந்தது. அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன்.

ஜூலை 9, செவ்வாய்க்கிழமை

முதல்நாள் மாலை காசுப்பெட்டியை எண்ணியபோது 23,500 ரூபா குறைந்திருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் பெயின்ற் வாளிகளைத் திருப்பிக் கொண்டுவந்ததாகவும், திருப்பிய பொருளுக்கான சிட்டை எழுதாமலே காசைக் கொடுக்கும்படி முதலாளியின் மகன் சொன்னதாகவும் இவர் விளக்கம் சொன்னார். மகன் அப்போது கொழும்பில். அடுத்த நாள் மாலை 6 மணி கழிய முகாமையாளர் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தங்கச்சி, நாளையிலேருந்து வரத் தேவையில்லை. மாதக் கடைசியில வந்து கணக்கைப் பாத்துக்கொண்டு போங்கோ."

எழுத்தில் எதுவும் இல்லை. விளக்கம் கோரும் கடிதம் இல்லை, உள்ளக விசாரணை இல்லை. இவர் அழுதுகொண்டே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் காலையில் அவர் செய்த ஒரு காரியம், யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்தது, பின்னால் பெரிய பலமாக வந்தது. வழக்கம்போல 8.15க்குக் கடைக்குப் போனார். விரல் வைக்கும் இயந்திரம் அவருடைய விரலை ஏற்கவில்லை. காவலாளி, "அக்கா, உங்களை விட வேண்டாமெண்டு சொல்லியிருக்கினம்" என்றார். இவர் வாசலில் நின்றபடி முகாமையாளரின் கைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "வேலைக்கு வந்திட்டன். உள்ள விடுகினமில்லை. என்ன செய்யிறது?" பதில் வரவில்லை. செய்தி போய்ச் சேர்ந்து வாசிக்கப்பட்டதற்கான அடையாளம் மட்டும் விழுந்தது.

வாயால் வேலைநீக்கம் செய்கிற முதலாளிக்கு ஒரு வசதி உண்டு. மூன்று மாதம் கழித்து, "நாங்கள் நிப்பாட்டவே இல்லை, அவதான் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டா" என்று சொல்லிவிடலாம். தொழில் நியாய சபையில் இது சின்ன வித்தியாசமில்லை. வேலையிலிருந்து நிறுத்தியதை முதலாளி ஒப்புக்கொண்டால், அது நியாயமான நிறுத்தம் என்று காட்டும் சுமை அவருடையது, சாட்சியத்தை அவரே தொடங்க வேண்டும். நிறுத்தவில்லை என்று மறுத்தால், நிறுத்தினார்கள் என்று முதலில் நிரூபிக்க வேண்டியவர் ஊழியர். சாட்சிக்கு யார் வருவார்? கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அதே கடையில்தான் சம்பளம் வாங்குகிறார்கள். அதனால்தான் மறுநாள் வேலைக்குப் போய் நிற்பதும், அதற்கு ஒரு எழுத்துத் தடயம் விடுவதும் முக்கியமாகிறது. வீட்டில் இருந்து அழுதால் அந்த நாள் வீணாகப் போய்விடும்.

ராஜினாமா தந்தால் சேவைக் கடிதம்

வியாழக்கிழமை, ஜூலை 11, அவர் கணக்குப் பகுதிக்குத் தொலைபேசி எடுத்துச் சேவைக் கடிதம் கேட்டார். வேறு வேலை தேட வேண்டுமே. கிடைத்த பதில், எங்கள் ஊரில் நான் அடிக்கடி கேட்கிற ஒன்று: "ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டு வாங்கோ. அண்டைக்கே நல்ல சேவைக் கடிதம் அடிச்சுத் தாறம். உங்களுக்கும் மரியாதை."

மரியாதை என்ற சொல்தான் இங்கே தூண்டில். காசு குறைந்த கதை ஊரில் பரவுவதை விட, தானாக விலகினேன் என்று இருப்பது நல்லதல்லவா என்று தாயும் சொன்னாராம். அன்று இரவு என்னிடம் வந்தபோது ராஜினாமாக் கடிதம் எழுதி, கையெழுத்தும் வைத்து, பைக்குள் இருந்தது. "அண்ணை, இதைக் குடுக்கலாமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

கொடுக்க வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். இலங்கையில் தொழில் நியாய சபைக்கு ஊழியர் தனியாக விண்ணப்பிக்கிற உரிமை கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவில் இருக்கிறது. முதலாளி சேவையை முடிவுறுத்தியது தொடர்பாக நிவாரணம் கேட்கிற உரிமை அது. தானாக விலகியவரின் சேவையை யாரும் முடிவுறுத்தவில்லை. அந்தக் கடிதத்தைக் கொடுத்த மறுகணம் விண்ணப்பத்தின் அடித்தளமே போய்விடும், அல்லது வற்புறுத்தி எழுதுவித்தார்கள் என்பதை நிரூபிக்கப் பெரிய பாடு படவேண்டும்.

அதோடு இன்னொன்று. அன்று ஜூலை 11, அதாவது வேலைநீக்கத்துக்குப் பிந்திய இரண்டாவது வேலை நாள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் சட்டத்தின் 2(5) பிரிவு சொல்வது இதைத்தான்: ஒழுக்காற்றுத் தண்டனையாக ஒருவரின் சேவையை முடிவுறுத்தினால், முடிவுறுத்திய நாளுக்குப் பிந்திய இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் அதற்கான காரணத்தை முதலாளி அவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஊழியர் கேட்டால்தான் கொடுக்க வேண்டும் என்று அங்கே இல்லை. அவர்களாகவே கொடுக்க வேண்டும். அந்தக் காலக்கெடு முடியப்போகிற நாளில், காரணம் எழுதித் தரவேண்டிய கடை, இந்தப் பெண்ணிடம் ராஜினாமா கேட்டுக்கொண்டிருந்தது. தற்செயலோ, யாரோ சொல்லிக்கொடுத்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வரிசையை நான் வேறு கடைகளிலும் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சட்டம் எல்லாக் கடைக்கும் பொருந்தாது என்பதையும் அன்றிரவே பார்த்தோம். வேலைநீக்க மாதத்துக்கு முந்திய ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேருக்குக் குறைவாக வைத்திருந்த முதலாளிக்கு இது பொருந்தாது. முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்யாதவருக்கும் பொருந்தாது. இவர் ஆறு வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். ஆட்களை விரல்விட்டு எண்ணினோம்: விற்பனையில் ஏழு பேர், களஞ்சியத்தில் ஐந்து, கணக்கில் மூன்று, லொறிச் சாரதிகள் இரண்டு, காவலாளி ஒருவர். மொத்தம் 18. கடைக்காரர், சாரதிகள் தினக்கூலி என்று சொன்னாலும் 16 மிச்சம். சேமலாப நிதிக்கு மாதாமாதம் அனுப்பும் சி படிவத்தில் எல்லாருடைய பெயரும் இருக்கும், தொழில் அலுவலகம் அதைப் பார்க்கக் கேட்கும் என்பதால் இந்த எண்ணிக்கையில் பெரிதாக விளையாட முடியாது. 15க்குக் குறைந்த சின்னக் கடை என்றால் இந்த இரண்டு நாள் விதி கைக்கு வராது, ஆனால் நியாய சபையின் கதவு அப்போதும் திறந்துதான் இருக்கும். அங்கே ஆள் எண்ணிக்கை பார்ப்பதில்லை.

ஏன் இரண்டு கடிதம்

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு கடிதம் எழுதினோம். ஒன்றிலேயே இரண்டையும் கேட்டால் என்ன என்று அவர் கேட்டார். கேட்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு தாள்களும் வேறு வேறு வேலைக்கு. காரணக் கடிதம் சண்டைக்குரியது, அதை வாசிக்கப்போகிறவர் நியாய சபைத் தலைவர். சேவைச் சான்றிதழ் அடுத்த வேலைக்குரியது, அதை வாசிக்கப்போகிறவர் புது முதலாளி. இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டால், பதிலும் ஒரே தாளில் வருகிற ஆபத்து இருக்கிறது. அப்படி வந்தால் திருட்டுச் சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நேர்முகத் தேர்வுக்குப் போகவேண்டும். இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. காரணக் கடிதத்தைச் சட்டத்தரணியிடம் காட்டாமல் முதலாளி அசையமாட்டார். சேவைச் சான்றிதழைக் கணக்குப் பகுதியே அடித்துக் கொடுத்துவிடலாம். ஒன்று தாமதிப்பதால் மற்றதும் ஏன் தாமதிக்க வேண்டும்?

முதல் கடிதத்தின் உள்ளடக்கம் இதுதான்:

"நான் 2018.02.05 முதல் தங்கள் நிறுவனத்தில் காசாளராகக் கடமையாற்றி வந்தேன். 2024.07.09 அன்று மாலை 6.10 மணியளவில், மறுநாள் முதல் வேலைக்கு வரத் தேவையில்லை என முகாமையாளர் எனக்கு வாய்மொழியாக அறிவித்தார். 2024.07.10 காலை 8.15 மணிக்கு வழமைபோல் கடமைக்குச் சமூகமளித்தபோது உள்ளே செல்ல அனுமதிக்கப்படவில்லை. நான் எனது பதவியிலிருந்து விலகவில்லை. எனது சேவை முடிவுறுத்தப்பட்டமைக்கான காரணத்தை எழுத்து மூலம் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

காசு குறைந்தது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் எழுத விரும்பினார். பெயின்ற் வாளி, முதலாளியின் மகன், சிட்டை எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கு விளக்கி ஒரு வரைவும் வைத்திருந்தார். வேண்டாம் என்றேன். காரணத்தைச் சொல்லவேண்டியது அவர்கள். அவர்கள் சொல்வதற்கு முன்பே நாங்கள் மறுப்பு எழுதினால், குற்றச்சாட்டை நாங்களே வரைந்து கொடுத்தது போலாகும். "நான் பதவியிலிருந்து விலகவில்லை" என்ற சின்ன வசனம்தான் அந்தக் கடிதத்தின் உயிர்.

இரண்டாவது இன்னும் சிறியது: சேவையில் சேர்ந்த திகதி, கடைசி நாள், வகித்த பதவி, ஆற்றிய கடமைகள் ஆகியவற்றை மாத்திரம் குறிப்பிட்டு ஒரு சேவைச் சான்றிதழ் தரவும். "மாத்திரம்" என்ற சொல்லை அடிக்கோடிட்டோம்.

இரண்டையும் தனித்தனி உறையில், பதிவுத் தபாலில், ஜூலை 12 அன்று அனுப்பினோம். பற்றுச்சீட்டை அந்தந்தப் பிரதியின் பின்பக்கம் ஒட்டினோம். காரணக் கடிதத்தின் பிரதி ஒன்று மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கும் போனது.

வந்த பதில்

ஜூலை 22 திங்கட்கிழமை, நான் தொடக்கத்தில் சொன்ன உறை வந்தது. உள்ளே இரண்டு தாள். முதல் தாளில், "தாங்கள் பொறுப்பேற்றிருந்த காசுப்பெட்டியில் ஏற்பட்ட குறைபாடு காரணமாக நிர்வாகத்தின் நம்பிக்கையைத் தாங்கள் இழந்துள்ளதால், 2024.07.09 முதல் தங்களின் சேவை முடிவுறுத்தப்படுகிறது." அதன் கீழே, ஜூலை 9 என்ற திகதி.

திகதியைப் பின்னே தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்பதை அவர் உடனே கண்டுபிடித்துக் கோபப்பட்டார். நான் அந்தத் தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அது அவருக்கு விளங்கவில்லை. மூன்று விடயம் எங்கள் கைக்கு வந்திருந்தது, முதல் இரண்டையும் அவர்கள் தங்கள் கடிதத்தலைப்பிலேயே எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்கள். ஒன்று, நிறுத்தியது நாங்கள்தான். இரண்டு, காரணம் காசுக் குறைபாடும் நம்பிக்கை இழப்பும், வேறொன்றுமில்லை. மூன்றாவதைக் கடிதம் சொல்லவில்லை, உறை சொன்னது: சட்டம் ஜூலை 11 மாலைக்கு முன் கேட்டதை இவர்கள் ஜூலை 19இல்தான் தபாலில் போட்டார்கள்.

"குறைபாடு" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். களவெடுத்தார் என்றோ, கையாடல் செய்தார் என்றோ எழுதவில்லை. எழுதினால் நிரூபிக்கவேண்டி வரும் என்று அவர்களுடைய சட்டத்தரணி மென்மையாக எழுதச் சொல்லியிருக்கலாம். அந்த மென்மை இரண்டு மாதம் கழித்து அவர்களுக்கே பணச்செலவாக வந்ததைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது தாள் சேவைச் சான்றிதழ். திகதி, பதவி எல்லாம் சரி. கடைசி வரியில், "காசுக் குறைபாடு காரணமாக 2024.07.09 முதல் சேவையிலிருந்து நீக்கப்பட்டார்." அடிக்கோடிட்ட "மாத்திரம்" எந்தப் பிரயோசனமும் செய்யவில்லை.

இந்த வரியை நீக்கச் சொல்லிக் கேட்பதற்கு எங்கள் கையில் என்ன இருந்தது? நேர்மையாகச் சொன்னால், 2(5) பிரிவு இதற்கு உதவாது. அது காரணத்தைப் பற்றிப் பேசுகிறதே தவிர, சான்றிதழ் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் எடுத்துக்காட்டியது சர்வதேச தொழில் தாபனத்தின் இரண்டு பரிந்துரைகளை. 1963இன் 119ஆம் இலக்கப் பரிந்துரை, ஊழியர் கேட்டால் சேர்ந்த திகதி, முடிந்த திகதி, செய்த வேலை ஆகியவற்றைக் கொண்ட சான்றிதழ் கொடுக்கவேண்டும், அவருக்குப் பாதகமான எதையும் அதில் சேர்க்கக்கூடாது என்கிறது. அதன் இடத்துக்கு வந்த 1982இன் 166ஆம் இலக்கப் பரிந்துரை இன்னும் தெளிவு: அந்த விபரங்கள் மட்டும்தான். நடத்தை, திறமை பற்றிய மதிப்பீடு வேண்டுமென்றால் ஊழியர் கேட்கவேண்டும், கேட்டால் அதிலேயோ தனியாகவோ கொடுக்கலாம். பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது. அதோடு சேர்ந்து வந்த 158ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஆகவே இதை நீட்டி "சட்டம்" என்று மிரட்ட முடியாது, மிரட்டவும் கூடாது. எதிரில் சட்டத்தரணி இருந்தால் ஒரு நிமிடத்தில் உடைத்துவிடுவார், அப்புறம் நாங்கள் சொல்கிற சரியான விடயத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். நல்ல நடைமுறை இது என்று காட்டத்தான் அதைப் பயன்படுத்தினேன்.

இந்தத் தீவில் இப்படியான தாளுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. தோட்டத் தொழிலாளரிடம் ஒரு காலத்தில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் தாள். துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் சேர முடியாது, துண்டோடு போனால் கடனும் கூடவே வரும். 1921இல் அதை ஒழித்தார்கள். வேலையை விட்டுப் போகிறவரின் பின்னால் பழைய முதலாளியின் கணக்கும் நடந்து வரவேண்டும் என்ற எண்ணம் மட்டும் யாழ்ப்பாணத்துக் கடையில் 2024இலும் உயிரோடு இருந்தது.

தொழில் அலுவலக மேசை

செப்ரெம்பர் 26ஆம் திகதி இரு தரப்பையும் கூப்பிட்டார்கள். அன்று பேசவேண்டியிருந்தது முக்கியமாகப் பணிக்கொடை. 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்று 1983இன் 12ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இவர் முடித்தது ஆறு வருடம். அரை மாதம் 24,000 ரூபா, ஆறு தடவை 1,44,000. சேவை முடிந்து 30 நாளுக்குள், அதாவது ஓகஸ்ற் 8க்குள் கொடுத்திருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல், மூன்று மாதத்துக்குள் தாமதம் என்றால் 15 வீதம் மேலதிகம், அது 21,600. ஆக 1,65,600.

கடைத் தரப்பு 23,500ஐக் கழிக்கக் கேட்டது. மோசடி, கையாடல், வேண்டுமென்று விளைவித்த சேதம் போன்றவற்றுக்காக நிறுத்தப்பட்டவரின் பணிக்கொடையில், அந்த நட்டத்தின் அளவுக்குப் பிடித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அலுவலர் கடிதத்தை எடுத்து வாசித்தார். "இதில குறைபாடு எண்டுதானே எழுதியிருக்கிறியள். அவ எடுத்தவ எண்டு எங்க இருக்குது?" கடைக் கணக்காளர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி மேசையைப் பார்த்தார். முழுத்தொகைக்கும் காசோலை எழுதினார்கள். காரணக் கடிதத்தின் ஒரு சொல் எப்படி 23,500 ரூபா பெறும் என்பதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன்.

காசோலையோடு ஒரு தாளும் நீட்டினார்கள்: "எனக்குரிய சகல கொடுப்பனவுகளையும் பெற்றுக்கொண்டேன், இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை." அதை வெட்டி, "பணிக்கொடையும் அதற்கான மேலதிகத் தொகையும் மாத்திரம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். வேலைநீக்கம் நியாயமா என்ற கேள்வி அப்போது இன்னும் உயிரோடு இருந்தது. காசைக் கண்ட சந்தோஷத்தில் முதல் தாளிலேயே கையெழுத்து வைத்துவிடுகிறவர்கள் அதிகம்.

சான்றிதழின் கடைசி வரியைத் திருத்த அன்று அவர்கள் சம்மதிக்கவில்லை. "பொய் எழுதேலாதுதானே" என்றார் முதலாளி. பொய் எழுதச் சொல்லவில்லை, அந்த இடத்தில் ஒன்றும் எழுதவேண்டாம் என்றுதான் கேட்கிறோம் என்றேன். கதை அன்று அதோடு நின்றது. அதற்குள் சேமலாப நிதியின் அங்கத்துவக் கணக்குக் கூற்றை எடுத்து வைக்கச் சொன்னேன். எந்த முதலாளி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை பணம் கட்டினார் என்பது அதில் இருக்கும். நியமனக் கடிதத்தோடு சேர்த்தால் ஆறு வருடச் சேவையைக் காட்டப் போதுமானது. ஒக்ரோபரில் ஒரு மருந்தகத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது இந்த இரண்டையும்தான் கொண்டுபோனார். கெட்ட சான்றிதழை யாரிடமும் காட்டவேண்டிய கடமை அவருக்கு இல்லை.

நியாய சபை

விண்ணப்பத்துக்குச் சேவை முடிந்த நாளிலிருந்து ஆறு மாதம். 2025 ஜனவரி 9ஐ எல்லையாக வைத்து எண்ணினோம். தொழில் அலுவலகத்தில் பேச்சு நடக்கிறது என்று நம்பி நான் ஒருபோதும் இந்த எண்ணிக்கையை நிறுத்துவதில்லை. டிசெம்பர் 2ஆம் திகதி டி படிவத்தில் விண்ணப்பம் போனது. ஒழுக்காற்றுக் காரணமில்லாத நிறுத்தத்துக்கு வேண்டிய அனுமதியைப் பெறாமல் நிறுத்தினார்கள் என்று தொழில் ஆணையாளரிடம் போகலாமா என்றும் யோசித்தோம். காரணக் கடிதமே வராமல் விட்டிருந்தால் அந்த வழி எனக்குப் பிடித்திருக்கும், ஒழுக்காற்று நடவடிக்கை என்பதற்குத் தடயமே இல்லை என்று வாதிக்கலாம். பிந்தியாவது கடிதம் வந்து, காரணம் ஒழுக்காற்று வகையைச் சேர்ந்ததாக இருந்ததால் நியாய சபையைத் தெரிந்தோம்.

கடையின் பதிலறிக்கையை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விண்ணப்பதாரர் தானாக வேலையை விட்டுச் சென்றார் என்று ஒரு பந்தி. ஜூலை 19இல் தாங்கள் அனுப்பிய கடிதத்தை அவர்களே மறந்திருந்தார்கள், அல்லது அது எங்களிடம் பத்திரமாக இராது என்று நினைத்திருந்தார்கள். முதல் தவணையிலேயே கடிதமும் உறையும் ஜூலை 10ஆம் திகதிச் செய்தியின் அச்சுப்பிரதியும் முன்வைக்கப்பட்டன. அடுத்த தவணையில் அந்தப் பந்தியைத் திருத்தி, ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினோம் என்று மாற்றினார்கள். அதோடு சாட்சியத்தைத் தொடங்கவேண்டியவர்கள் அவர்களாகிவிட்டார்கள்.

பிந்திக் கொடுத்ததால் மட்டும் வேலைநீக்கம் அநியாயம் என்று சபை முடிவு கட்டிவிடும் என்று நான் அவருக்கு ஒருநாளும் சொல்லவில்லை. உள்ளக விசாரணை நடத்தாததும் தனியே ஒரு முதலாளியைத் தோற்கடிக்காது. சபை பார்ப்பது, காசாளர் மீது நம்பிக்கை இழக்க உண்மையான அடிப்படை இருந்ததா என்பதை. காசாளர் வேலை நம்பிக்கையின்மேல் நிற்கிற வேலை, ஆகவே முதலாளியின் பக்கம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் அடிப்படையைக் காட்டச் சாட்சிக் கூண்டில் ஏறவேண்டியவர் முதலாளியின் மகன். சிட்டை இல்லாமல் காசு கொடுக்கச் சொன்னீரா என்ற கேள்விக்குச் சத்தியத்தின் பேரில் பதில் சொல்லவேண்டும். அவர் ஏறவில்லை. மூன்றாவது தவணையில் இணக்கத்துக்கு வந்தார்கள்.

எட்டு மாதச் சம்பளம், 3,84,000 ரூபா, இரண்டு தவணையில். திரும்ப வேலை வேண்டாம் என்று இவரே சொல்லிவிட்டார், மருந்தகத்தில் அதற்குள் சேர்ந்திருந்தார். தொகை ஒத்துவந்ததும் எல்லாரும் எழும்பப் பார்த்தார்கள். சான்றிதழ் இன்னும் மிச்சம் என்றேன். "தருவம்தானே, நாளைக்கு அடிச்சு அனுப்புறம்" என்றார்கள். நாளைக்கு அல்ல, வாசகத்தை இப்போதே எழுதி இணக்க நிபந்தனைகளோடு இணைப்பாக வைக்கவேண்டும் என்று எங்கள் சட்டத்தரணி நின்றார். அவர்கள் ஒரு வரைவு எழுதினார்கள். அதில் "2024.07.09 அன்று சேவையிலிருந்து விலகினார்" என்று இருந்தது. நன்றாக ஒலிக்கிற சொல், ஆனால் நடந்தது அதுவல்ல. நாளைக்கு யாராவது இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய்யர் ஆகிறவர் இவர்தான். அந்தச் சொல்லையும் வெட்டினோம். கடைசியில் நின்றது இந்த இரண்டு வசனம்:

"மேற்குறிப்பிட்டவர் 2018.02.05 முதல் 2024.07.09 வரை எமது நிறுவனத்தில் காசாளராகச் சேவையாற்றினார். நாளாந்த விற்பனைப் பணத்தைப் பெறுதல், வங்கியில் வைப்பிலிடுதல், சில்லறைச் செலவுக் கணக்கைப் பேணுதல் என்பன அவருடைய கடமைகளாக இருந்தன."

அதன் கீழே முதலாளி கையெழுத்து வைத்து, அன்றைய திகதியையே போட்டார்.